க்ளினிக்குக்கு கன்சல்டன்ட் வேலை கேட்டு மெயில் எழுதுவது எப்படி

எம்.டி. முடித்து ஒரு மருத்துவக் கல்லூரியில் அசிஸ்டென்ட் புரொஃபசராக இருக்கும் தோல் மருத்துவர் ஒருவர், மாலையில் ஒரு பாலிக்ளினிக்கில் உட்கார நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மெயிலை முதலில் படிப்பது பெரும்பாலும் டாக்டர் இல்லை, மேனேஜர். அவருக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம். இவரைத் தோல் மருத்துவர் என்று போர்டில் போடலாமா, நம்மிடம் காலியாக இருக்கும் அறையும் இவருடைய நேரமும் பொருந்துமா. இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் கான்ஃபரன்ஸ், விருது என்று இரண்டு பக்கம் எழுதினால் யாரும் கடைசி வரை படிக்க மாட்டார்கள்.

பதிவு விவரத்தை முதலில் எடுத்து வையுங்கள்

தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் எம்.பி.பி.எஸ். முடித்ததும் கிடைத்த பதிவு எண் மட்டும் போதாது, எம்.டி.யைக் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்துவிட்டீர்களா என்பதுதான் முக்கியம். படிப்பு முடித்துப் பட்டமும் வாங்கிய பிறகு இதைத் தள்ளிப் போடுகிறவர்கள் நிறைய. அந்தத் துறையில் உரிய தகுதி இல்லாதவர் தன்னை ஸ்பெஷலிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று 2002 மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன, அதனால் போர்டில் பெயர் ஏற்றும் முன் க்ளினிக் இதைப் பார்க்கும். பதிவு எண்ணை மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் போடச் சொல்வதும் அதே விதிகள்தான்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் உங்கள் பெயரை நீங்களே ஒரு முறை தேடிப் பாருங்கள், ஏனென்றால் மேனேஜரும் அங்கேதான் தேடுவார். இனிஷியல் மாறியிருக்கலாம், கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருக்கலாம், எம்.டி. ஏறாமலே இருக்கலாம். அப்படி ஏதாவது இருந்தால் மெயிலிலேயே ஒரு வரியில் சொல்லி, கவுன்சில் சான்றிதழை இணைத்துவிடுங்கள். வேறு மாநில கவுன்சிலில் பதிந்தவர் என்றால் எந்த கவுன்சில், தமிழ்நாட்டுக்கு மாற்ற விண்ணப்பித்தாயிற்றா என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

அப்புறம் நேரம்

'மாலை நேரங்களில் வர முடியும்' என்ற வரியை வைத்துக்கொண்டு ரிசப்ஷனில் ஒரு அப்பாயின்ட்மென்ட்கூடப் போட முடியாது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நாற்காலியில் உட்காருவீர்கள், எப்போது எழுந்திருப்பீர்கள் என்று எழுதுங்கள். கல்லூரி 4 மணிக்கு முடிகிறது, பஸ்ஸோ பைக்கோ முக்கால் மணி நேரம் என்றால் 5 மணி என்று வாக்குக் கொடுக்காதீர்கள், 5.30 என்று போடுங்கள். முதல் வாரத்திலேயே நோயாளிகள் காத்திருந்தால் அந்தப் பெயர் போகவே போகாது.

5.30 முதல் 8 வரை மொத்தம் 150 நிமிடம். புது நோயாளிக்கு 15 நிமிடம், ரிவ்யூவுக்கு 8 நிமிடம் என்று கணக்குப் போட்டால் 6 புதியவர், 7 ரிவ்யூ, அவ்வளவுதான். இந்தக் கணக்கை எழுதினால் 30 டோக்கன் போட்டு வைக்க மாட்டார்கள்.

கல்லூரி நேரத்தில் வெளியே ப்ராக்டிஸ் செய்யக் கூடாது என்பது ஆசிரியர்களுக்கு ஆணையத்தின் விதி. அதற்கு மேல் உங்கள் வேலை ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று அனுப்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், சில கல்லூரிகள் எழுத்தில் அனுமதி கேட்கும்.

மெயில் இப்படி வரும்

பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள், சரி, வரிசை இதேதான்.

> பொருள்: தோல் மருத்துவ கன்சல்டன்ட் பணி – செவ்வாய், வியாழன், சனி மாலை
>
> வணக்கம். நான் டாக்டர் (பெயர்), எம்.டி. தோல் மருத்துவம். தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவு எண் 00000, எம்.டி. கூடுதல் தகுதியாகப் பதிவாகியுள்ளது. தற்போது ஒரு மருத்துவக் கல்லூரியில் அசிஸ்டென்ட் புரொஃபசர்.
>
> செவ்வாய், வியாழன் மாலை 5.30 முதல் 8 வரையும், சனி 5 முதல் 8 வரையும் வர முடியும். ஒரு மாலைக்கு சுமார் 13 பேரைப் பார்க்க முடியும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை எனக்கு டியூட்டி இருக்கும், தேதியை முந்தைய மாதமே சொல்லிவிடுவேன். அவசர அழைப்புக்கு வர இயலாது.
>
> சான்றிதழ்களை இணைத்துள்ளேன். கட்டணம், பங்கீடு குறித்து நேரில் பேசலாம்.
>
> (பெயர், கைபேசி எண்)

பணத்தைப் பற்றி முதல் மெயிலில் பேரம் பேச வேண்டாம், ஆனால் நேரில் உட்காரும்போது டெஸ்ட்டுக்கும் ரெஃபரலுக்கும் கமிஷன் என்று பேச்சு வந்தால் அங்கேயே மறுத்துவிடுங்கள், அதே 2002 விதிகள் அதைத் தடை செய்கின்றன.

சான்றிதழ்களை ஒரே பிடிஎஃப் கோப்பாகச் சேர்த்து, கவுன்சில் பதிவு முதல் பக்கமாக வரும்படி வையுங்கள். கோப்புக்கு 'ஸ்கேன் 003' என்று இல்லாமல் உங்கள் பெயரையே வையுங்கள். ஒரு வாரம் பதில் இல்லை என்றால் மதியம் 2 மணிவாக்கில் ரிசப்ஷனுக்கு போன் செய்து மேனேஜரைக் கேளுங்கள், ஓ.பி. நெரிசலில் கூப்பிட்டால் யாரும் பேச மாட்டார்கள்.