பாதியில் நின்ற சர்வே பதில்களை என்ன செய்வது?

கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிகளிடம் செல்போன் வழியாக ஒரு சர்வே எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 கேள்விகள். நிலம் எத்தனை ஏக்கர், பச்சை இலையைக் கூட்டுறவு ஃபேக்டரிக்குப் போடுகிறீர்களா தனியாருக்கா என்று தொடங்குகிறது. 15-வது கேள்வி: "இந்த வருடம் கடன் வாங்கினீர்களா?" 200 பேர் தொடங்கி 150 பேர் முடித்தார்கள். மீதி 50 பேர் 14 கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, கடன் கேள்வி வந்ததும் வெளியேறிவிட்டார்கள். இவை விளக்கத்துக்காக வைத்த எண்கள்தான்.

இந்த 50 வரிசைகளைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கவும் கூடாது, முழுப் பதிலோடு சேர்த்துவிடவும் கூடாது.

முதலில் முகப்புப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று பாருங்கள். "சமர்ப்பி பொத்தானை அழுத்தினால் சம்மதம்" என்று இருந்தால், அழுத்தாதவர்களின் பதிலைத் தொட உங்களுக்கு உரிமை இல்லை. "எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், அதுவரை சொன்னதைப் பயன்படுத்துவோம்" என்று இருந்தால் மட்டும் மேலே போகலாம்.

அடுத்து, ஒரே ஆள் இரண்டு முறை வந்திருக்கிறாரா என்று தேடுங்கள். மலைச்சரிவில் சிக்னல் போய்விட்டால், மேட்டுக்கு வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். அப்போது அவருக்கு ஒரு அரைகுறை வரிசையும் ஒரு முழு வரிசையும் இருக்கும். அரைகுறையை நீக்குங்கள். சிக்னல்தான் காரணம் என்றால் நின்ற இடங்கள் எல்லாக் கேள்விகளிலும் சிதறிக் கிடக்கும். இங்கே போல ஒரே கேள்வியில் குவிந்தால் அந்தக் கேள்விதான் காரணம்.

எதுவரை வந்தவரைக் கணக்கில் எடுப்பது என்ற விதியை, முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். பார்த்த பிறகு வகுத்தால், நமக்குப் பிடித்த எண் வரும் பக்கமாகவே கோடு நகரும். சர்வே ஆய்வாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆப்போர் காட்டும் ஒரு உதாரணம்: 50 சதவீதத்துக்கும் குறைவான கேள்விகளுக்குப் பதில் சொன்னவர் 'முறிந்தது', 50 முதல் 80 வரை 'பகுதி', அதற்கு மேல் 'முழுமை'. நம் 50 பேர் 20-ல் 14, அதாவது 70 சதவீதம், 'பகுதி'யில் வருகிறார்கள்.

இனி ஷீட்டில் வெற்றுக் கட்டங்களை நிரப்ப வேண்டும். கேள்வியைப் பார்த்தும் தாண்டிப் போனவருக்கு -8, அந்தக் கேள்வியை எட்டாதவருக்கு -9. கடன் கேள்வியைப் பார்த்துவிட்டு நின்றவருக்கு 15-ல் -8, 16 முதல் -9. 99 என்று போடாதீர்கள். ஏக்கர் பத்தியில் அது நிலமாகவே கூட்டப்பட்டுவிடும். மைனஸ் எண்ணையும் சராசரிக்குமுன் வடிகட்டத்தான் வேண்டும், ஆனால் மறந்தால் கண்ணில் பட்டுவிடும். கடன் கேள்வியின் பதில்கள் P பத்தியில், 2 முதல் 201 வரையான வரிசைகளில் இருக்கின்றன, 1 'ஆம்', 2 'இல்லை' என்றால் சதவீதம் இப்படி:

```
=COUNTIF(P2:P201,1)/(COUNTIF(P2:P201,1)+COUNTIF(P2:P201,2))
```

ஒவ்வொரு கேள்விக்கும் வகுக்கும் எண் தனி. நிலக் கேள்விக்கு 200, கடன் கேள்விக்கு 150. அட்டவணையில் ஒவ்வொரு வரியிலும் அதைப் போடுங்கள்.

நின்றவர்கள் தரும் பெரிய உதவி இனிமேல்தான். முடித்த 150 பேரில் ஒரு ஏக்கருக்குக் குறைவானவர்கள் 60, அதாவது 40 சதவீதம். நின்ற 50 பேரில் 35, அதாவது 70 சதவீதம். அப்படியானால் கடன் பற்றி நம்மிடம் இருப்பது சற்றுப் பெரிய நிலக்காரர்களின் பேச்சு. பாதிப் பதில்களை அழித்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

முடித்தவர்களில் கடன் வாங்கியவர் 90, அதாவது 60 சதவீதம். சிறு நிலக்காரர் 60 பேரில் 45 (75%), மற்ற 90 பேரில் 45 (50%). தொடங்கிய 200 பேரில் சிறு நிலக்காரர் 95, மற்றவர் 105. அந்த விகிதத்தில் எடை கொடுத்தால் 95 × 0.75 + 105 × 0.5 = 123.75, 200-ல் சுமார் 62 சதவீதம். ஆனால் ஒரே அளவு நிலம் உள்ளவர்களில் நின்றவரும் முடித்தவரும் ஒரே மாதிரி என்று எடுத்துக்கொண்டால்தான் இது சரி. கடன் இருப்பதாலேயே கூச்சப்பட்டு நின்றிருந்தால் எந்த எடையும் அதைச் சரிசெய்யாது.

அதனால் எல்லைகளையும் போட்டுப் பாருங்கள். நின்ற 50 பேரும் கடன் இல்லாதவர்கள் என்றால் 90/200 = 45 சதவீதம். எல்லோருக்கும் கடன் என்றால் 140/200 = 70 சதவீதம். 'பாதிப் பேருக்கு மேல் கடனில்' என்று தலைப்புப் போட இந்தத் தரவு போதாது; கீழ் எல்லை 50-ஐத் தொடவில்லை. நிலம், ஃபேக்டரி பற்றிய பதில்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, 200 பேரும் சொல்லிவிட்டார்கள்.

அட்டவணைக்குக் கீழே இப்படி எழுதலாம்: "கடன் கேள்விக்குப் பதில் சொன்னவர் 150. தொடங்கிய 200 பேரில் 50 பேர் இக்கேள்வியில் நிறுத்தினர். அவர்களில் சிறு நிலக்காரர் அதிகம். நில அளவுக்கு எடை கொடுத்த மதிப்பு 62%; இருக்கக்கூடிய எல்லை 45% முதல் 70% வரை."