குக்கீ கணக்கு: மாவின் எடையிலிருந்து ஈடுகள் வரை தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலிருந்தபடி குக்கீ செய்து விற்பவர்களுக்கு ஒரு கலவை மாவில் எத்தனை குக்கீ வரும், அவற்றை எத்தனை ஈடுகளில் சுட்டெடுக்க வேண்டும் என்ற கணக்கு எளிய வகுத்தலாகத்தான் தோன்றும். ஆனால் அந்த வகுத்தலில் எந்த எடையை எந்த எடையால் வகுக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. 30 குக்கீக்கு ஆர்டர் எடுத்த நாளில் 28 மட்டுமே கையில் இருந்த அனுபவம் எனக்கும் உண்டு. நான் வழக்கமாகச் செய்யும் சாக்கோ சிப்ஸ் குக்கீயையே எடுத்துக்கொண்டு அந்தத் தவறுகளை விளக்குகிறேன்.

என் அளவு இது: வெண்ணெய் 225 கிராம், வெள்ளைச் சர்க்கரை 100, நாட்டுச் சர்க்கரை 200, முட்டை 2, மைதா 320, சாக்கோ சிப்ஸ் 300, சமையல் சோடா, உப்பு, வெனிலா எசன்ஸ் மூன்றும் சேர்ந்து 15 கிராம். ஓடு நீக்கிய முட்டை ஒன்றுக்கு 50 கிராம் என்று வைத்தால் மொத்தம் 1,260 கிராம் வருகிறது. முட்டையை ஓட்டோடு நிறுத்த எடையைக் கூட்டினால் இங்கேயே பத்துப் பன்னிரண்டு கிராம் பொய்யாக ஏறிவிடும். ஓட்டை நீக்கிக் கணக்கிட்டாலும், இந்த 1,260 என்பது தாளில் உள்ள எடைதானே தவிர, உருட்டக் கிடைக்கும் மாவின் எடை அன்று. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த மாவு பாத்திரத்திலும் கரண்டியிலும் பீட்டரின் கம்பிகளிலும் ஒட்டிக்கொள்ளும். நன்றாக வழித்தெடுத்தாலும் எனக்கு ஏறத்தாழ 25 கிராம் குறைகிறது. ஆகவே பொருள்களின் எடையைக் கூட்டி நம்புவதை விட, பிசைந்து முடித்த மாவை வேறொரு பாத்திரத்தில் வழித்துப் போட்டு, காலிப் பாத்திரத்தின் எடையைக் கழித்து நிறுத்துப் பார்ப்பதே சரியான தொடக்கம். என் மாவு அப்படி 1,235 கிராம் நிற்கிறது.

உருண்டை ஒன்று 40 கிராம் என்றால் 1,235-ஐ 40-ஆல் வகுக்க 30.875 வரும். இதை 31 என்று எழுதிவிடுவது அடுத்த தவறு. முழு உருண்டைகள் 30 மட்டுமே; மிஞ்சுவது 35 கிராம். அந்த மிச்சத்தைச் சிறிய உருண்டையாக்கி மற்றவற்றோடு வைத்தால், அது முந்திக் கருகிவிடும். மொத்த மாவை 30-ஆல் வகுத்து, ஒவ்வொன்றையும் 41 கிராமாக உருட்டினால் மிச்சம் ஏறக்குறைய தீர்ந்துவிடும், எல்லாம் ஒரே நேரத்தில் வேகவும் செய்யும். எடை பார்க்காமல் ஐஸ்கிரீம் கரண்டியால் அள்ளிப் போடுவோர் இங்கே கவனமாக இருக்க வேண்டும். கரண்டி தலை தட்டாமல் நிறைந்து உருண்டைக்கு 3 கிராம் கூடிப்போனால், 43 கிராம் வீதம் 28 குக்கீதான் கிடைக்கும். என் ஆர்டரில் இரண்டு குறைந்தது இதனால்தான். பத்து உருண்டைகளைச் சேர்த்து ஒருமுறை நிறுத்துப் பார்த்திருந்தால், 400-க்குப் பதில் 430 என்று தராசு அப்போதே காட்டியிருக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வேகுமுன் உள்ள எடையையும் வெந்தபின் உள்ள எடையையும் ஒன்றாகக் கொள்வது. ஓவனில் ஈரம் ஆவியாகிப் போவதால் என்னுடைய 40 கிராம் உருண்டை ஆறிய பின் 35 கிராம்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் ஒரு குக்கீ 40 கிராம் இருக்க வேண்டும் என்று கேட்டால், குறையும் 5 கிராமைக் கூட்டி 45 என்று வைப்பது போதாது. ஏனெனில் பெரிய உருண்டையில் குறைவும் பெரிதாகும். 40-ஐ 40-ஆல் பெருக்கி 35-ஆல் வகுத்தால் 45.7 வரும், அதாவது 46 கிராம். அப்படி 30 குக்கீக்கு 1,380 கிராம் மாவு தேவை. ஒட்டிப்போகும் 25 கிராமையும் சேர்த்தால் 1,405. இது என் 1,260 கிராம் அளவைப் போல் 1.115 மடங்கு என்பதால் எல்லாப் பொருளையும் அதே எண்ணால் பெருக்க வேண்டும். முட்டைக்கு 112 கிராம் வரும். மூன்று முட்டையை அடித்துக் கலக்கி, அதிலிருந்து நிறுத்து ஊற்றினால் சிக்கல் இல்லை. இந்த 35 என்ற எண் என் ஓவனுக்கும் என் மாவுக்கும் உரியது. மொறுமொறுப்பாக நீண்ட நேரம் சுடுபவருக்கு இன்னும் குறையும். எனவே மூன்று உருண்டைகளை மட்டும் முதலில் சுட்டு, ஆறவிட்டு நிறுத்து, அவரவர் எண்ணைக் கண்டுகொள்ள வேண்டும்.

அந்த மூன்று குக்கீகளை நிறுப்பதோடு நிறுத்தாமல் ஸ்கேலால் அளக்கவும் வேண்டும். உருண்டையின் அகலத்தைப் பார்த்து டிரேயில் இடம் ஒதுக்குவதால்தான் குக்கீகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகின்றன. நான்கு சென்டிமீட்டர் அகலமான என் உருண்டை வெந்ததும் 8 சென்டிமீட்டருக்குப் பரவுகிறது. நடுவே 2 சென்டிமீட்டரும் டிரேயின் ஓரங்களில் 1 சென்டிமீட்டரும் இடைவெளி விட்டால் ஒரு நடுப்புள்ளிக்கும் அடுத்ததற்கும் 10 சென்டிமீட்டர் வேண்டும். டிரேயின் பரப்பளவைக் குக்கீயின் பரப்பளவால் வகுப்பது இங்கே உதவாது. என் டிரேயின் உள்ளளவு 38-க்கு 28. பரப்பளவுக் கணக்கு 21 குக்கீ என்று சொல்லும். நேர்வரிசையில் வைத்தால் உண்மையில் அடங்குவது 3-க்கு 2 என ஆறே ஆறு. ஆனால் இரண்டாம் வரிசையை அரைக் குக்கீ தள்ளி, முதல் வரிசையின் இடுக்குகளுக்கு நேராக வைத்தால், வரிசைகளுக்கு இடையே 8.7 சென்டிமீட்டரே போதும். 28 சென்டிமீட்டருக்குள் மூன்று வரிசைகள் வந்து, டிரேக்கு 9 குக்கீ அடங்கும். பட்டர் பேப்பரில் பென்சிலால் புள்ளி வைத்து, அந்தப் பக்கத்தைக் கீழாகத் திருப்பிப் போட்டுக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டியதில்லை.

இனி ஈடுகள். 30-ஐ 9-ஆல் வகுக்க 3.33. குக்கீ எண்ணிக்கையில் பின்னத்தைக் கீழே விட்டோம். ஈட்டில் பின்னத்தை மேலே ஏற்ற வேண்டும். ஆகவே 4 ஈடு. இதை 9, 9, 9, 3 என்று பிரித்துச் சுடுவதும் தவறுதான். மூன்று மட்டும் உள்ள டிரேயில் வெப்பத்தை உறிஞ்ச மாவு குறைவாக இருப்பதால் அவை விரைவில் சிவந்துவிடும், நிறைந்த டிரேக்கு எடுக்கும் அதே 13 நிமிடத்தை நம்பி நின்றால் ஓரங்கள் கருகும். 8, 8, 7, 7 என்று பிரித்தால் எல்லா ஈடும் ஏறத்தாழ ஒரே மாதிரி வேகும். எட்டை 3, 2, 3 எனவும், ஏழை 2, 3, 2 எனவும் வரிசைப்படுத்தலாம். 46 கிராம் உருண்டை இன்னும் சற்றுக் கூடுதலாகப் பரவினாலும் அதற்கும் இந்த அடுக்கில் இடம் இருக்கும்.

நேரக் கணக்கில் வெறும் 4-ஐ 13-ஆல் பெருக்கி 52 நிமிடம் என்று சொல்லிவிடக் கூடாது. கதவைத் திறந்து டிரேயை மாற்றும்போது சிறிய ஓடிஜி நிறைய வெப்பத்தை இழக்கிறது. மீண்டும் 175 டிகிரிக்கு வர என்னுடையதற்கு 4 நிமிடம் ஆகிறது. எனவே ஈட்டுக்கு 17 நிமிடம் வீதம் 68 நிமிடமும், தொடக்கத்தில் சூடேற்ற 15 நிமிடமும் தேவை. இந்தக் கணக்கு இரண்டு டிரே வைத்திருப்பவருக்கு மட்டுமே பொருந்தும். ஒரே டிரேயைச் சூட்டோடு நிரப்பினால், ஓவனுக்குள் போகுமுன்பே உருண்டையின் அடியில் வெண்ணெய் உருகி, 8 சென்டிமீட்டர் என்று அளந்து வைத்த குக்கீ 10-க்குப் பரவிப் பக்கத்துக் குக்கீயோடு ஒட்டிக்கொள்ளும். முறை வரும் வரை மற்ற உருண்டைகளைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தால்தான் நான்காம் ஈடும் முதல் ஈட்டின் அகலத்திலேயே வரும்.