SATAFIRM S11 என்று பெயர் மாறிய டிஸ்க்: ஃபிளாஷ் செய்வதற்கு முன்

போன வருடம் என் லேப்டாப் திடீரென்று பூட் ஆகவில்லை. பயாஸில் போய்ப் பார்த்தால் 240 ஜிபி எஸ்எஸ்டி இருந்த இடத்தில் கம்பெனி பெயர் காணாமல் போய் SATAFIRM S11 என்று நிற்கிறது. யாரோ டிஸ்க்கை மாற்றிவிட்டார்களோ என்றுதான் முதலில் தோன்றியது.

அப்படி ஒன்றும் இல்லை. விலை குறைந்த பல எஸ்எஸ்டிகளில் ஃபைசன் (Phison) கம்பெனியின் S11 என்ற கன்ட்ரோலர் சிப்தான் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் அது தன்னை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை மெமரி சிப்பிலிருந்து எடுத்து ஓட வேண்டும். அந்தப் பகுதி கெட்டுப்போனால் எடுக்க முடியாமல், பிறவியிலேயே வந்த பெயரை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும், ஆனால் எது எங்கே என்று சொல்லும் கணக்குப்பிள்ளை மயங்கிக் கிடக்கிறார்.

படி 1: நேரடி சாட்டா போர்ட்டில் மாட்டுங்கள்

நான் ஒரு நாள் முழுக்க வீணடித்தது இங்கேதான். யுஎஸ்பி கேஸில் போட்டுப் பார்த்தேன், அது டிஸ்க்கின் பெயரைக் காட்டாமல் தன் சொந்த பிரிட்ஜ் சிப்பின் பெயரைக் காட்டியது, கொள்ளளவு 0. கேஸ்தான் கெட்டது என்று நினைத்து இன்னொரு கேஸ் வாங்கினேன்! டெஸ்க்டாப்பில் நேராக மாட்டி, லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் இதை ஓட்டுங்கள் (sdb இருக்கும் இடத்தில் உங்கள் டிஸ்க்):

```
lsblk -o NAME,MODEL,SIZE
sudo smartctl -i /dev/sdb
```

விண்டோஸ் என்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போதும், ஆனால் விண்டோஸ் 'இனிஷியலைஸ் செய்யவா' என்று கேட்கும், கேன்சல் கொடுங்கள். பெயரே தப்பாக வரும்போது ரெக்கவரி சாஃப்ட்வேர்களால் பயன் இல்லை. அவை டிஸ்க்கிடம் கேட்டுத்தான் படிக்கும், அது பதில் சொல்லும் நிலையில் இல்லை.

படி 2: டேட்டா வேண்டுமா, டிஸ்க் வேண்டுமா?

இரண்டும் வேண்டும் என்றால் வீட்டில் வழி கிடையாது. டேட்டா வேண்டுமென்றால் இங்கேயே நிறுத்திவிட்டு, பிசி-3000 கருவி வைத்திருக்கும் ரெக்கவரி கடைக்குப் போங்கள். 'இந்தக் கன்ட்ரோலருக்குச் செய்வீர்களா' என்று போனிலேயே கேளுங்கள். கன்ட்ரோலரின் ரேமில் தற்காலிக ஃபர்ம்வேரை ஏற்றி, மெமரியில் எதையும் எழுதாமல் படித்து எடுப்பார்கள். 'சிப்பைக் கழற்றிப் படிக்கிறோம்' என்பவரிடம் கொடுக்காதீர்கள், டேட்டாவைக் கன்ட்ரோலர் கலைத்துப்போட்டுத்தான் எழுதியிருக்கும். எனக்கு 18,000 ரூபாய் சொன்னார்கள்.

வாரன்டி இருந்தால் புது டிஸ்க் வரும், டேட்டா வராது.

படி 3: டிஸ்க் மட்டும் போதும் என்றால் ரீஃபிளாஷ்

ரீஃபிளாஷ் என்றால் ஃபர்ம்வேரை மறுபடி எழுதுவது. 'ஃபர்ம்வேர் அப்டேட்' என்றதும் போனில் செய்வது மாதிரி கோப்புகள் அப்படியே இருக்கும் என்று நம்பினேன். பத்து நிமிடத்தில் 240 ஜிபி பளிச்சென்று வந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. அக்கா கடையின் டாலி கணக்கு அதில்தான் இருந்தது. ரீஃபிளாஷ் செய்தால் முகவரி அட்டவணை புதிதாக எழுதப்படும், அதன்பின் ரெக்கவரி கடைக்காரராலும் முடியாது.

சரி, இழக்க ஒன்றும் இல்லை என்றால்: முதலில் phison_flash_id என்ற கருவியை ஓட்டி உள்ளே எந்த மெமரி சிப் என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள், ஒரே மாடலில் வேறு வேறு சிப் போடுகிறார்கள். அந்தச் சிப்புக்கு உரிய s11-flasher தொகுப்பை மட்டும் பயன்படுத்துங்கள். டிஸ்க் பதிலே சொல்லாமல் தொங்கினால், போர்டில் இருக்கும் ரோம் புள்ளிகள் இரண்டையும் ட்வீசரால் தொட்டுக்கொண்டே மின்சாரம் கொடுத்து, டிஸ்க் தெரிந்ததும் கையை எடுக்க வேண்டும். எனக்கு நாலாவது தடவைதான் அமைந்தது, கை நடுங்கினால் வேறு புள்ளியில் பட்டுவிடும், கவனம்.

பிழைத்து வந்த டிஸ்க்கில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள். ஃபர்ம்வேர் கெட்டதற்கே மெமரி தேய்ந்தது காரணமாக இருக்கலாம். என்னுடையது இப்போது டவுன்லோடு குப்பைக்கு மட்டும்.

பின்சேர்க்கை: 'என்னுடையது பழைய சுழலும் டிஸ்க், 0 ஜிபி காட்டுகிறது, இதே வழியா' என்று இருவர் கேட்டிருந்தார்கள். இல்லை. அதில் ஃபர்ம்வேரின் ஒரு பகுதி போர்டில், மீதி தட்டிலேயே இருக்கும். அதனால் அதே மாடல் போர்டை வாங்கி மாற்றினாலும் சரியாகாது, அந்த டிஸ்க்குக்கு மட்டுமான அளவீடுகள் பழைய போர்டின் ரோமில் இருக்கின்றன. 2009-ல் பெரிதாகப் பேசப்பட்ட சீகேட் 7200.11 மாதிரி சில டிஸ்க்குகளில் சீரியல் கேபிள் போட்டு 38400 வேகத்தில் கட்டளை கொடுத்து டேட்டாவோடு மீட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டளைகள் அந்த மாடலுக்கு மட்டும்தான். வேறு டிஸ்க்கில் அடித்தால் முகவரிக் கணக்கு குழம்பும். டக் டக் என்று சத்தம் வந்தால் அது ஃபர்ம்வேர் பிரச்சினையாக இல்லாமலும் இருக்கலாம், தட்டைப் படிக்கும் ஹெட் போயிருக்கலாம், உடனே வயரைக் கழற்றிவிடுங்கள்.