போர்டு அடிப்பதற்கு முன் கடைப் பெயரைச் சரிபார்ப்பது எப்படி?

தங்கை பொள்ளாச்சிப் பக்கம் மரச்செக்கு எண்ணெய்க் கடை போட்டபோது பெயர் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. அதன் பிறகு தெரிந்தவர்கள் சிலருக்கும் இதையே செய்து கொடுத்தேன். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தனி ஆளாகக் கடை நடத்துபவர்களை மனதில் வைத்து எழுதியது இது. பிரைவேட் லிமிடெட் பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். "ஜிஎஸ்டியில் இந்தப் பெயரைப் போட்டேன், ஏற்றுக்கொண்டார்கள். உத்யம் சான்றிதழும் வந்துவிட்டது. அப்படியென்றால் பெயர் எனக்குத்தானே?" என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. ஜிஎஸ்டி, உத்யம், பேங்க் கரண்ட் அக்கவுண்ட் எதிலும் இதே பெயர் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஒரே வணிகப் பெயரில் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஜிஎஸ்டி வாங்கலாம். பெயர் மேல் உரிமை இரண்டு வழிகளில்தான் வருகிறது. ஒன்று, 1999-ஆம் வருட வணிகச் சின்னச் சட்டப்படி டிரேட்மார்க் பதிவு. இன்னொன்று, பதிவே செய்யாவிட்டாலும் உங்களுக்கு முன்பிருந்தே அந்தப் பெயரில் வியாபாரம் செய்து பேர் வாங்கியிருப்பது. ஆகவே நாம் தேட வேண்டிய இடங்களும் இரண்டு: டிரேட்மார்க் பதிவேடு, அப்புறம் கடைத்தெரு.

படி 1: மூன்று பெயராவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்

ஒரே பெயரோடு தேட உட்கார்ந்தால், அது வேறொருவரிடம் இருந்தாலும் ஏதாவது சமாதானம் சொல்லி அதையே வைக்கத்தான் மனசு வரும். அதனால் மூன்று பெயராவது வேண்டும்.

"தூய மரச்செக்கு எண்ணெய்" போல பொருளையே சொல்லும் பெயர் வேண்டாம். சட்டத்தின் 9-ஆவது பிரிவில் இது அடிபடும், ஏனென்றால் அந்தச் சொற்கள் எல்லா எண்ணெய்க்காரர்களுக்கும் தேவை. "ஸ்ரீ முருகன் ஆயில் மில்" என்று வைக்கத் தடையில்லை. ஆனால் அடுத்த தெருவில் இன்னொரு ஸ்ரீ முருகன் வந்தால் தடுப்பது மிகக் கஷ்டம். ஊர்ப் பெயருக்கும் இதே கதைதான். விற்கும் பொருளோடு நேரடிச் சம்பந்தமில்லாத ஒரு நல்ல சொல்தான் என் விருப்பம். உதாரணத்துக்கு "கழனி" என்ற பெயரை எடுத்துக்கொண்டு மீதிப் படிகளைக் காட்டுகிறேன்.

படி 2: ஆங்கில எழுத்துகளில் எத்தனை விதமாக எழுதலாம்?

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் படி இதுதான். எனக்கும் அதிக நேரம் பிடித்தது இதில்தான்.

பதிவேட்டைத் தேடுவது ஆங்கில எழுத்துகளில். தமிழில் எழுதிய லேபிளைப் பதிவு செய்தவரும் அதன் ஆங்கில எழுத்து வடிவத்தை விண்ணப்பத்தில் கொடுத்திருப்பார். அவர் எந்த வடிவத்தைக் கொடுத்தார் என்பது நமக்குத் தெரியாது. "கழனி" என்பதை ஒருவர் Kazhani என்று எழுதுவார், இன்னொருவர் Kalani, வேறொருவர் Kazani. கடைசியில் y போட்டு Kazhany, Kalany என்றும் எழுதலாம், இரண்டு e போட்டு Kazhanee என்றும் எழுதலாம். நீங்கள் Kazhani மட்டும் தேடிவிட்டு "ஒன்றும் வரவில்லை, காலி" என்று முடிவு செய்தால், Kalani என்ற பெயரில் எண்ணெய் விற்பவர் கண்ணிலேயே பட மாட்டார்.

ஆகவே ஒரு தாளில் பெயரை எழுதி, தகராறு பிடித்த எழுத்துகளின் கீழ் கோடு போடுங்கள். ழ-வுக்கு zh, l, z. த-வுக்கு th, dh, t, d. ச-வுக்கு s, ch. நெடிலுக்கு a, aa. "தென்றல்" என்றால் Thendral, Tendral, Thenral. "சோலை" என்றால் Solai, Cholai. எல்லாச் சேர்க்கையையும் எழுதிக்கொண்ட பிறகுதான் கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டும்.

அர்த்தம் வேறாக இருப்பதும் கணக்கில் வராது. Kalani வடக்கே குடும்பப் பெயராகவும் இருக்கிறது. அவர் நினைப்பது வேறு, நாம் நினைப்பது வயல் என்றாலும், வாங்குபவரின் காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அம்ருத்தாரா, லக்ஷ்மண்தாரா என்ற இரண்டு மருந்துப் பெயர்கள் பற்றிய வழக்கில் 1962-இல் உச்ச நீதிமன்றம் பார்த்ததும் அதைத்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடக்கூடாது. பெயரை அரைகுறையாக ஞாபகம் வைத்திருக்கும் சாதாரண ஆள் குழம்புவாரா என்று பார்க்க வேண்டும். நீங்களும் அப்படியே பாருங்கள்.

படி 3: எந்த வகுப்பில் தேடுவது?

டிரேட்மார்க்கில் பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். 1 முதல் 34 வரை பொருள்கள், 35 முதல் 45 வரை சேவைகள். சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பு. ஆனால் செக்குக் கடையில் எண்ணெய் மட்டுமா விற்கிறோம்? தலைக்குத் தேய்க்கும் எண்ணெயாக விற்றால் அது 3. மாட்டுக்குப் போடும் பிண்ணாக்கு 31. பக்கத்தில் மசாலாப் பொடி, நாட்டுச் சர்க்கரை வைத்தால் 30. கடை நடத்துவது என்ற சேவைக்கு 35.

தேடும்போது இவை எல்லாவற்றிலும் தேடுங்கள். தேடுவதற்குக் காசில்லை. வகுப்பு வேறு என்பதால் மட்டும் தப்பித்துவிட முடியாது. குளுக்கோவிட்டா என்ற குளுக்கோஸ் பவுடர் இருந்தபோது ஒருவர் குளுவிட்டா என்ற பெயரை பிஸ்கட்டுக்குக் கேட்டார். பிஸ்கட்டில் குளுக்கோஸ் சேர்ப்பார்கள், மக்கள் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதாக நினைக்கலாம் என்று 1959-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. எண்ணெய்க்கும் மசாலாவுக்கும் இதைவிட நெருக்கம்.

படி 4: தேடுங்கள், வருவதைப் படியுங்கள்

ipindia.gov.in போய் Trade Marks பகுதியில் Public Search திறங்கள். OTP கேட்டால் கொடுத்து உள்ளே போங்கள். Wordmark என்பதைத் தேர்ந்தெடுத்து, Start With, Contains, Match With மூன்றில் Contains வையுங்கள். Match With அப்படியே அச்சாகப் பொருந்துவதை மட்டும் காட்டும், நம் வேலைக்கு ஆகாது. Class கட்டத்தில் 29 என்று போட்டு, தாளில் எழுதிய வடிவங்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

எனக்குப் பிடித்த வழி, முழுப் பெயருக்குப் பதில் அதன் துண்டைப் போடுவது:

```
Wordmark / Contains / Class 29
kazhan
kalan
kazan
```

கடைசி எழுத்தை விட்டுவிட்டதால் i, y, ee மூன்றும் ஒரே தேடலில் மாட்டும். சம்பந்தமில்லாத பெயர்களும் வரும், பொறுமையாகத் தள்ளிவிட்டுப் போக வேண்டியதுதான். Phonetic தேடலையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். Kazhani என்று கொடுத்தால் Kalani-யையும் கொண்டுவரும் என்று அதனிடம் எதிர்பார்க்க முடியாது, நம் ழகரம் அதற்குத் தெரியாது.

ஏதாவது வந்தால் திறந்து மூன்று விஷயம் பாருங்கள்: நிலை, பொருள் பட்டியல், எப்போதிலிருந்து பயன்படுத்துகிறார்கள் என்ற தேதி. Registered என்றால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். Objected, Opposed என்பதைப் பார்த்து "ஆட்சேபம் வந்திருக்கிறது, அவருக்குக் கிடைக்காது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விண்ணப்பம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று அர்த்தம். Abandoned, Refused என்றிருந்தால் விண்ணப்பம் முடிந்துபோனது, ஆனால் கடை ஓடிக்கொண்டிருக்கலாம். அதில் 2009-இலிருந்து பயன்படுத்துவதாகத் தேதி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றும் அவர் விற்றுக்கொண்டிருந்தால், பதிவில்லாமலே உங்களைத் தடுக்க அவரால் வழக்குப் போட முடியும். நீங்களே பதிவு வாங்கிவிட்டாலும், முன்பிருந்து பயன்படுத்தும் அவரை 34-ஆவது பிரிவு காப்பாற்றும்.

படி 5: கடைத்தெருவில் தேடுங்கள்

கூகுள் மேப்ஸில் பெயரோடு "oil", "எண்ணெய்", "செக்கு" என்று சேர்த்து, உங்கள் ஊர், பக்கத்து மாவட்டங்கள், சென்னை என்று தேடுங்கள். தமிழ் எழுத்திலும் தேட வேண்டும். இன்ஸ்டாகிராம், அமேசான் இரண்டிலும் பாருங்கள், ஏனென்றால் வீட்டிலிருந்து விற்பவர்கள் மேப்ஸில் இருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் விட எனக்கு நம்பிக்கையான ஆள் பாட்டில் லேபிள் அச்சடிப்பவர். சுற்றுவட்டாரத்தில் யார் என்ன பெயரில் எண்ணெய் விற்கிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. லேபிள் விலை விசாரிக்கப் போகும்போதே பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

படி 6: விண்ணப்பம், அப்புறம் போர்டு

பெயர் தேறிவிட்டால் தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் ஒன்றாக முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே போர்டில் தமிழ், கார்டில் ஒரு ஆங்கில எழுத்து, லேபிளில் வேறொன்று என்று ஆகிவிடக் கூடாது.

போர்டு அடிப்பதற்கு முன் டிரேட்மார்க் விண்ணப்பத்தைப் போட்டுவிடுவது நல்லது. தனிநபர் ஆன்லைனில் போட்டால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். தேடுவது எல்லா வகுப்பிலும், பணம் கட்டுவது முக்கியமான ஒன்றிரண்டில் மட்டும் போதும். தங்கைக்கு 29 மட்டும் போட்டோம். பதிவு கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. டிரேட்மார்க் அலுவலகத்தின் இதழில் வெளியான பிறகே மற்றவர்கள் எதிர்க்க நான்கு மாதம் அவகாசம் இருக்கிறது. அதுவரை ™ போட்டுக்கொள்ளலாம். ® மட்டும் பதிவு வரும்வரை போடவே கூடாது, அது சட்டப்படி தவறு. டிசைனர்கள் அழகுக்காகச் சேர்த்துவிடுவார்கள், அச்சுக்குப் போகும் முன் பாருங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் அன்று காலையில் ஒரு தடவை மறுபடி தேடிவிடுங்கள். சமீபத்தில் போட்ட விண்ணப்பங்கள் உடனே தேடலில் தெரியாமல் இருந்திருக்கலாம்.

பின்சேர்க்கை 1: "என் சொந்தப் பெயரையே வைக்கிறேன், அதற்கும் தேட வேண்டுமா?" என்று கேட்டிருந்தீர்கள். நேர்மையாகச் சொந்தப் பெயரில் தொழில் செய்பவருக்கு 35-ஆவது பிரிவு பாதுகாப்பு தருகிறது. ஆனால் அதே பெயரில் அதே பொருளுக்குப் பிரபலமான பிராண்ட் இருந்தால், உங்கள் நேர்மையை நீங்கள்தான் கோர்ட்டில் காட்ட வேண்டியிருக்கும். தேடிவிடுங்கள். இனிஷியலோ தாத்தா பெயரோ சேர்த்து வித்தியாசப்படுத்தலாம்.

பின்சேர்க்கை 2: பிரைவேட் லிமிடெட் என்றால் mca.gov.in-இல் SPICe+ படிவத்தின் Part A-வில் இரண்டு பெயர் கொடுத்து 1,000 ரூபாய் கட்ட வேண்டும். ஒன்று கிடைத்தால் 20 நாள் உங்களுக்காக ஒதுக்கி வைப்பார்கள், அதற்குள் கம்பெனியைப் பதிவு செய்ய வேண்டும். அங்கே பெயர் கிடைத்ததை வைத்து லேபிள் அடிக்காதீர்கள். அது கம்பெனியின் பெயருக்கான அனுமதி மட்டும். பாட்டில் மேல் போடும் பெயருக்கு 2-ஆவது படியிலிருந்து எல்லாவற்றையும் செய்தாக வேண்டும்.