இரண்டாவது பேக்கரிக் கிளை: ஒரு நாளைக்கு எத்தனை பில் போட்டால் கையைக் கடிக்காது?

பெரம்பூரில் எங்கள் பேக்கரி ஓரளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, அயனாவரம் பக்கம் இரண்டு கிலோமீட்டருக்குள் ஒரு கடை வாடகைக்கு வந்தது. கணக்குப் போட்டேன். நாளைக்கு 110 பில் போதும் என்று வந்தது. திறந்தோம். மூன்றாவது மாதமே 115 பில் போனது, ஆனால் மாதக் கடைசியில் மைதாக்காரருக்குக் கொடுக்கப் பணம் இடித்தது. கணக்கில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. நீங்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அதைப் பார்த்துவிடலாம்.

என்னுடையது விற்பனைக் கவுன்டர் மட்டும். சரக்கு எல்லாம் பழைய கடை ஓவனில் வெந்து ஆட்டோவில் போகிறது. கீழே உள்ள எண்கள் அந்த அமைப்புக்கு.

1. விற்றாலும் விற்காவிட்டாலும் போகும் காசு

வாடகை 28,000. கவுன்டரில் இரண்டு பேர், 30,000. காலையும் மதியமும் சரக்கு ஆட்டோ, 15,000. கரண்ட் 9,000. இதர செலவு 3,200. ஃபிரிட்ஜ், கண்ணாடி ஷோகேஸ், உள்வேலை எல்லாம் சேர்த்து ஆறு லட்சம் ஆனது. ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 10,000. அட்வான்ஸ் 2,80,000 சும்மா முடங்குவதால் அதற்கு 12 சதவீத வட்டி, 2,800. மொத்தம் 98,000.

ஈ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், பாதியாக்கிப் போடுங்கள். பில் வராத மாதத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. பழைய கடை வாடகையையும் மாஸ்டர் சம்பளத்தையும் இதில் பிரித்துப் போடாதீர்கள். புதுக் கடை திறக்காவிட்டாலும் அவை இருக்கத்தான் போகின்றன.

2. நூறு ரூபாய்க்கு விற்றால் கையில் நிற்பது

ஒரு முட்டை பஃப்ஸ் 25 ரூபாய். மைதா, மார்ஜரின் 6, அரை முட்டை 3, மசாலா ஒன்றரை, கேஸ், கவர், வரி சேர்த்து ஒன்றரை. ஆக 12 ரூபாய் செலவு, 13 ரூபாய் நிற்கும். (நான் ஜிஎஸ்டியில் சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் முறையில் இருப்பதால் விற்பனையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வரி என் கையிலிருந்து போகிறது. அதற்கான 1.5 கோடி வரம்புக்கு இரண்டு கடை விற்பனையும் சேர்த்துத்தான் கணக்கு. சாதாரண ஜிஎஸ்டியில் இருப்பவர்கள் வரி நீக்கிய விலையை எடுங்கள்; கேக், பிஸ்கட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் 5 ஆகிவிட்டதால் பழைய ஷீட் உதவாது.)

ஆனால் 13 என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடாதீர்கள். 100 பஃப்ஸ் அனுப்பினால் 88 தான் விற்கும். மிச்சம் ராத்திரி பத்து மணிக்கு ட்ரேயில் காய்ந்து கிடக்கும். 100 பஃப்ஸுக்கான செலவு 1,200, வரவு 2,200. நின்றது 1,000. அதை 88 ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 11 ரூபாய் 36 காசு, அதாவது நூறு ரூபாய் விற்பனைக்கு சுமார் 45. புதுக் கடையில் எது எவ்வளவு போகும் என்று பிடிபடும்வரை மிச்சம் இன்னும் கூடும்.

இப்படியே மற்றவற்றுக்கும் போட்டேன். விற்பனையில் 40 சதவீதம் பஃப்ஸ், சமோசா (நூற்றுக்கு 45), 25 சதவீதம் பிரெட், பன், ரஸ்க் (40), 20 சதவீதம் கேக் (50), 15 சதவீதம் வாங்கி விற்கும் பால், கூல்டிரிங்க்ஸ் (12). சேர்த்துப் பார்த்தால் சராசரி 39.80.

இந்த விகிதத்தை டிசம்பர் மாதத்திலிருந்து எடுக்காதீர்கள். அந்த மாதம் கேக் ஏறி, சராசரி அழகாகத் தெரியும். புரட்டாசியும் வேண்டாம், முட்டை பஃப்ஸும் சிக்கன் பஃப்ஸும் படுத்துவிடும். ஜூன், ஜூலை மாதிரி சாதாரண மாதம் நல்லது.

98,000 ஐ 0.398 ஆல் வகுத்தால் மாத விற்பனை 2,46,231. நாளைக்கு 8,208. சராசரி பில் 75 ரூபாய் என்பதால் 110 பில். நான் இங்கேதான் நிறுத்தினேன்.

3. பழைய கடையிலிருந்து நடந்து வந்தவர்கள்

பழைய கடை நாளைக்கு 18,000 விற்றுக்கொண்டிருந்தது. பில்லிங் மெஷினை நோண்டியபோது அது 16,200 ஆகியிருந்தது. அயனாவரத்திலிருந்து வண்டியில் வந்துகொண்டிருந்தவர்கள் வீட்டுப் பக்கத்திலேயே வாங்கிவிட்டார்கள். புதுக் கடையின் 115 பில்லில் 24 பில் ஏற்கெனவே என்னுடையது!

நாளைக்கு 1,800 என்றால் மாதம் 54,000. அதில் நின்றிருக்க வேண்டிய 21,492 ரூபாய் போய்விட்டது. அதையும் புதுக் கடைச் செலவாகவே வையுங்கள். 98,000 + 21,492 = 1,19,492. மறுபடி வகுத்தால் மாதம் 3,00,231, நாளைக்குச் சுமார் 10,000, அதாவது 134 பில். (இரண்டு கடையிலும் ஒரே சரக்கு ஒரே விகிதத்தில் போனால், இழந்த 54,000 ஐ 2,46,231 உடன் அப்படியே கூட்டினாலும் இதே விடைதான்.)

திறப்பதற்கு முன் இதை எப்படித் தெரிந்துகொள்வது? பின்னாளில் நண்பர் கடைக்கு நான் செய்தது: கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு, ஒரு வாரம் முழுக்க, பில் போடும்போது “வீடு எந்தப் பக்கம்ண்ணே?” என்று ஒரு கேள்வி, ஒரு கோடு. புதுக் கடைப் பக்கம் வீடு இருப்பவர்கள் 15 சதவீதம் என்று வந்தால், மூன்றில் இரண்டு பங்கு நகர்ந்துவிடும் என்று வையுங்கள், 10 சதவீதம். சனி, ஞாயிறை விட்டுவிடாதீர்கள். தூரத்திலிருந்து வருபவர்கள் அன்றுதான் அதிகம்.

4. போனிலேயே போட

பில்லிங் சாஃப்ட்வேர் தரும் லாப ரிப்போர்ட்டை நான் நம்புவதில்லை, அதற்கு மிச்சமான பஃப்ஸ் தெரியாது. கூகுள் ஷீட் போதும். B2 முதல் B5 வரை விற்பனைப் பங்கு, % குறி இல்லாமல் 40, 25 என்று எண்ணாக மட்டும்; C2 முதல் C5 வரை நூற்றுக்கு நிற்பது, E1 மாதச் செலவு, E2 பழைய கடையில் நிற்காமல் போன 21,492. முதல் வரியை C6 இலும் இரண்டாவதை E3 இலும் போடுங்கள்.

```
=SUMPRODUCT(B2:B5,C2:C5)/100
=ROUNDUP((E1+E2)/C6*100/30/75,0)
```

5. 134 நடக்குமா?

எங்கள் பில்லில் பாதி, மாலை 4 முதல் 8 மணிக்குள். 67 பில் நான்கு மணி நேரத்தில் என்றால் மூன்றரை நிமிடத்துக்கு ஒன்று. கடை பார்த்த இடத்துக்கு எதிரில் டீக்கடையில் உட்கார்ந்து, அந்தத் தெருவில் இருக்கும் பேக்கரிக்குள் எத்தனை பேர் போகிறார்கள் என்று ஒரு வார நாளும் ஒரு ஞாயிறும் எண்ணுங்கள். அவர்களுக்கே அந்த நேரத்தில் 60 பேர் வரவில்லை என்றால், வாடகையைக் குறைத்துக் கேளுங்கள் அல்லது வேறு தெரு பாருங்கள்.

பிற்சேர்க்கை 1: இதைப் படித்த ஒருவர், “ஓவன் தாங்குமா?” என்று கேட்டார். நியாயம். மதியம் 2 மணிக்கே உங்கள் ஓவனில் ட்ரே வைக்க இடமில்லாமல் இருந்தால், கூடுதல் சரக்குக்கு ராத்திரி ஷிப்ட் மாஸ்டர் வேண்டும். அவருக்கு 22,000 என்று E1 இல் சேர்த்துப் பாருங்கள், 134 ஒரே தாவலில் 159 ஆகும்.

பிற்சேர்க்கை 2: டெலிவரி ஆப் விற்பனையை இந்த 134 இல் சேர்க்கக் கூடாது. நூற்றுக்கு 25 ரூபாய் கமிஷன் போனால் நிற்பது 39.80 இல்லை, 14.80. ஷீட்டில் அதற்குத் தனி வரிசை போடுங்கள். அட்டைப்பெட்டிக் காசையும் கழித்துவிட்டு.