ஆண்டு விழாத் தொடக்கவுரை: மூத்த பணியாளரிலிருந்து எழுதத் தொடங்கும் முறை

நிறுவனத்தின் ஆண்டு விழாவில் தொடக்கவுரை ஆற்றும்படி முதன்முறையாகக் கேட்கப்படுபவர் பெரும்பாலும் நிறுவனம் தொடங்கிய ஆண்டிலிருந்து எழுத ஆரம்பித்து, கிளைகளையும் விற்றுமுதலையும் அடுக்கிவிட்டு, கடைசி இரண்டு நிமிடங்களில் மூத்த பணியாளர்களின் பெயர்களை வாசித்து முடிக்கிறார். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். முதலில் மூத்தவர்களின் பட்டியலை முடிவு செய்யுங்கள். நிறுவனத்தின் பயணத்தை அவர்கள் நின்ற இடங்களிலிருந்தே சொல்லிவிடலாம்.

எடுத்துக்காட்டாக, கோயம்புத்தூரில் 1999-இல் வாடகைக் கொட்டகை ஒன்றில் தொடங்கி 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் ஒரு மோட்டார் பம்ப்செட் தொழிற்சாலையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம்.

முதல் படி: பட்டியல்

இந்தப் படியில்தான் அதிகம் தவறு நேர்கிறது. கணினியில் இருக்கும் பணியில் சேர்ந்த தேதி பல நேரங்களில் ஒருவர் நிரந்தரமாக்கப்பட்ட தேதியாகவே இருக்கும். அதற்கு முன் பயிற்சியாளராகவோ ஒப்பந்தக்காரர் வழியாகவோ உழைத்த ஆண்டுகள் அதில் வருவதில்லை. நான் உரை எழுதிக்கொடுத்த ஒரு விழாவில், மேடையேறியவரைவிட மூன்று ஆண்டுகள் முன்னதாகவே பயிற்சியாளராகச் சேர்ந்திருந்த ஒருவர் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பழைய சம்பளப் பதிவேட்டைப் பார்க்காமல் நான் பட்டியலை ஏற்பதில்லை. பதிவேடு கிடைக்காவிட்டால், ஒரே காலத்தில் சேர்ந்த இருவரைத் தனித்தனியாகக் கேட்டாலே பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும். இடையில் விலகித் திரும்பியவர்களைச் சேர்ப்பதா என்பதை நிர்வாகம் முன்னரே முடிவு செய்ய வேண்டும். எந்த அளவுகோலைக் கொண்டாலும் அதை உரையிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்: “பயிற்சிக் காலத்தையும் சேர்த்து இருபது ஆண்டுகளைக் கடந்தவர்களை இன்று சிறப்பிக்கிறோம்.”

இரண்டாம் படி: பத்து நிமிட உரையாடல்

ஒவ்வொருவரையும் அவர் வேலை செய்யும் இடத்துக்கே சென்று சந்தியுங்கள். “உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்” என்று கேட்டால், “நல்ல கம்பெனி சார்” என்பதோடு பேச்சு நின்றுவிடும். நீங்கள் சேர்ந்த அன்று இங்கே எத்தனை பேர் இருந்தார்கள், எந்த வேலையை முதலில் கொடுத்தார்கள், வேலை நின்றுபோன நாள் எது என்று கேளுங்கள்.

நம் எடுத்துக்காட்டில், வைண்டிங் பிரிவில் இருக்கும் அம்மா 2012-இன் மின்வெட்டைப் பற்றிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீர்மூழ்கி மோட்டாருக்குக் கம்பியைக் கையாலேயே இழுத்துக் கோக்கலாம் என்பதால், லேத்துகள் நின்ற நேரங்களில் மேசையை வாசலுக்கு நகர்த்திப் பகல் வெளிச்சத்தில் வேலையைத் தொடர்ந்ததாகச் சொல்கிறார். உங்கள் உரைக்குத் தேவையான பகுதி கிடைத்துவிட்டது. ஆனால் இதை மேடையில் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். குடும்பம், கடன், நோய் பற்றித் தற்செயலாகச் சொன்னவற்றை எடுத்தாள வேண்டாம்.

மூன்றாம் படி: எழுதுதல்

பயணத்திலிருந்து மூன்று திருப்பங்கள் போதும்: தொடக்கம், ஒரு நெருக்கடி, இன்றைய நிலை. ஒவ்வொன்றிலும் ஒரு மூத்தவர் நிற்க வேண்டும். விருந்தினர்களை வரவேற்புரையில் ஏற்கெனவே பெயர் சொல்லி அழைத்திருப்பார்கள் என்பதால், நீங்கள் ஒரே வரியில் வணங்கிவிட்டு நேரே உள்ளே செல்லலாம்:

“அவையோர் அனைவருக்கும் வணக்கம். 1999-இல் இந்த நிறுவனத்தில் ஏழு பேர் இருந்தார்கள்; லேத் ஒன்றுதான் இருந்தது. அந்த ஏழு பேரில் இருவர் இன்று நம் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். 2012-இல் மணிக்கணக்கில் மின்சாரம் இல்லாத நாள்களில் லேத்துகள் நின்றன; வைண்டிங் மேசை மட்டும் நிற்கவில்லை. அந்த மேசையை வாசலுக்கு நகர்த்தியவர் இதோ இங்கே இருக்கிறார்.”

இதில் ‘அயராத உழைப்பாளி’, ‘நிறுவனத்தின் தூண்’ போன்ற சொற்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். பெயரை மாற்றி வேறொருவருக்கு அதே வரியைப் படிக்க முடிந்தால், அந்த வரியை அடித்துவிடுவேன்.

இருபது பேர் பட்டியலில் இருந்தால் எல்லோருக்கும் கதை சொல்ல நேரம் இருக்காது. மூவரின் நிகழ்வுகளை விரித்துச் சொல்லி, மற்றவர்களின் பெயர், பிரிவு, சேர்ந்த ஆண்டு ஆகியவற்றைச் சேர்ந்த வரிசையிலேயே வாசியுங்கள். பதவி வரிசையில் வாசித்தால் மேலாளர் முன்னால் வந்து, அவருக்கு முன்பே சேர்ந்த காவலர் பின்னால் போய்விடுவார்.

நான்காம் படி: வாசித்துப் பார்த்தல்

நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ தொண்ணூறு சொற்கள் போகும். ஐந்து நிமிட உரைக்கு 450 சொற்களைத் தாண்ட வேண்டாம். தலைப்பெழுத்தையும் பெயரையும் அவரவரிடமே கேட்டுச் சரிபார்த்து, தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் கைதட்டல் அடங்கும்வரை நிறுத்த வேண்டும். இல்லையெனில் அடுத்த பெயர் யாருக்கும் கேட்காது. பொன்னாடை அணிவிப்பவர் யார், மூத்தவர் மேடையேறுவாரா அல்லது முழங்கால் வலியால் அவர் இருக்கும் இடத்துக்கே பொன்னாடையைக் கொண்டுசெல்ல வேண்டுமா என்பதை முந்தின நாளே விழாக் குழுவிடம் கேட்டு, அந்தப் பெயருக்கு அருகே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.