வரன் அமைஞ்சதும் ஆப்பை தூக்கிட்டா போதுமா? மேட்ரிமோனி பிளானை நிறுத்துறப்ப பண்ணக்கூடாத தவறுகள்

நிச்சயம் தேதி குறிச்ச உடனே நிறைய வீட்ல பண்ற முதல் வேலை, போன்ல இருக்கிற மேட்ரிமோனி ஆப்பை அன்இன்ஸ்டால் பண்றதுதான். அதோட கணக்கு முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கிறாங்க. ஆனா ஆப் வேற, காசு எடுக்கிற சப்ஸ்கிரிப்ஷன் வேற, ப்ரொஃபைல் வேற. ஒண்ணை நிறுத்தினா மத்த ரெண்டும் தானா நிக்காது, இது புரியாமதான் பாதி தப்பு நடக்குது.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். ஜனவரி 10ஆம் தேதி அப்பா தன்னோட போன்ல மூணு மாச பிளான் வாங்குறார், பொண்ணு பேர்ல ப்ரொஃபைல், காசு போறது அப்பாவோட கூகுள் அக்கவுன்ட் வழியா. பிப்ரவரி 20 நிச்சயம் ஆகுது. இப்ப பொண்ணு தன்னோட போன்ல லாகின் பண்ணி ப்ரொஃபைலை டெலீட் பண்ணிடுறா, சப்ஸ்கிரிப்ஷனை யாரும் தொடவே இல்ல. ஏப்ரல் 10 வாக்குல அப்பா கார்டுல இருந்து அடுத்த மூணு மாசத்துக்கு காசு போகும், ஏன்னா ப்ளே ஸ்டோருக்கு அந்த ப்ரொஃபைல் இருக்கா இல்லையான்னு கவலையே இல்ல, கேன்சல் பண்ணாத வரைக்கும் அது ரினியூ பண்ணிக்கிட்டேதான் இருக்கும்.

அதனால முதல்ல காசு, அப்புறம்தான் ப்ரொஃபைல். எந்த போன்ல, எந்த அக்கவுன்ட்ல வாங்கினாங்களோ அதுலயே போய் பாக்கணும். ஆண்ட்ராய்டுன்னா ப்ளே ஸ்டோர்ல ப்ரொஃபைல் படத்தை தட்டி Payments & subscriptions, ஐபோன்னா செட்டிங்ஸ்ல மேல இருக்கிற உங்க பேரை தட்டி Subscriptions. அங்க ரினியூ ஆகுற தேதி போட்டிருக்கும். ஆப்பிள்ல அந்த தேதிக்கு குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடியே கேன்சல் பண்ணிடணும், கடைசி நாள் ராத்திரி வரைக்கும் இழுக்காதீங்க. வெப்சைட்லயே ஒரே தடவையா காசு கட்டின பேக்னா அனேகமா நிறுத்துறதுக்கே ஒண்ணும் இருக்காது, இருந்தாலும் ஆட்டோ ரினியூவல் ஆன்ல இருக்கான்னு அக்கவுன்ட் செட்டிங்ஸ்ல ஒரு தடவை பாத்துடுங்க.

கேன்சல் பண்ணினா மிச்ச நாளுக்கு காசு திரும்பி வரும்னு எதிர்பாக்க வேணாம், பெரும்பாலும் வராது. நம்ம உதாரணத்துல பிப்ரவரி 20ல கேன்சல் பண்ணாலும் ஏப்ரல் 10 வரைக்கும் பிளான் ஓடும், அவ்வளவுதான். தெரியாம ரினியூ ஆயிடுச்சுன்னா அன்னைக்கே ரீஃபண்ட் கேளுங்க, கூகுள்ல 48 மணி நேரத்துக்குள்ள கேட்டா வாய்ப்பு அதிகம், ஆப்பிளுக்கு reportaproblem.apple.com போகணும்.

இப்ப அடுத்த தப்பு, எனக்கு கேட்டா காசை விட இதுதான் பெரிய தலைவலி. பிளானை கேன்சல் பண்ணிட்டு ப்ரொஃபைலை அப்படியே விட்டுடுறது. பிளான் முடிஞ்சா ப்ரொஃபைல் போகாது, ஃப்ரீ மெம்பரா மாறிடும், ஃபோட்டோ, ஜாதகம், சம்பளம் எல்லாம் தேடுறவங்க கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும், இன்ட்ரெஸ்ட்டும் வரும். அப்பா போன்ல ஆப் லாகின்லயே இருந்து அவர் சும்மா திறந்து பாத்தா கூட "இன்னைக்கு ஆக்டிவ்"னு காட்டலாம். சம்பந்தி வீட்டு சொந்தக்காரங்க யாராவது அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினா, விளக்கம் சொல்லியே நாக்கு வறண்டுடும்.

ஹைட் பண்றதும் டெலீட் பண்றதும் ஒண்ணு இல்ல. ஹைட் பண்ணா யார் கண்ணுக்கும் தெரியாது, டேட்டா மட்டும் அங்கேயே இருக்கும். சில தளத்துல இது குறிப்பிட்ட நாளைக்குதான், அப்புறம் தானா மறுபடி வெளிய வந்துடும், அதை கவனிங்க. நிச்சயத்துல இருந்து கல்யாணம் வரைக்கும் ஹைட், கல்யாணம் முடிஞ்சதும் டெலீட், இதுதான் எனக்கு சரின்னு படுது. டெலீட் பண்றதுக்கு முன்னாடி பில்லையும் தேவையான சாட்டையும் சேவ் பண்ணிக்கோங்க, அப்புறம் கிடைக்காது.

டெலீட் பண்றப்ப காரணம் கேப்பாங்க. "இந்த தளம் மூலமா கல்யாணம் ஆச்சு"ன்னு தேர்ந்தெடுத்தா சக்ஸஸ் ஸ்டோரிக்கு ஃபோட்டோ கேக்கிற பக்கம் வரலாம், அவசரத்துல டிக் அடிச்சுட்டே போகாதீங்க, படத்தை விளம்பரத்துக்கு உபயோகிக்க சம்மதம்னு அந்த டிக்குக்கு அர்த்தம் இருக்கலாம்.

வேலை தேடுற தளத்துலயும் இதே கதைதான், ஒரே வித்தியாசம், ஆஃபர் வந்த அன்னைக்கே டெலீட் பண்ண வேணாம், போய் ஜாயின் பண்ற வரைக்கும் ஹைட்ல வைங்க. ஜாயின் பண்ணப்புறமும் ரெஸ்யூம் தேடல்ல தெரிஞ்சா புது ஆபீஸ் எச்ஆர் கண்ணுலயே படலாம். ஏற்கனவே டவுன்லோட் பண்ணி வச்ச ரிக்ரூட்டர்கிட்ட இருக்கிற காப்பி மட்டும் நீங்க டெலீட் பண்ணாலும் போகாது, போன் கொஞ்ச நாளைக்கு வரத்தான் செய்யும்.

கடைசியா, லாகின் பண்ணாத இன்னொரு போன்லயோ பிரவுசர்லயோ பழைய ப்ரொஃபைல் லிங்கை திறந்து பாருங்க. பக்கமே போயிட்டும் கூகுள் தேடல்ல பேரும் படமும் வந்தா, கூகுளோட Refresh Outdated Content பக்கத்துல அந்த லிங்கை கொடுத்து எடுக்கச் சொல்லலாம். சித்தப்பாவோ மாமாவோ வேற தளத்துல தனியா ஒரு ப்ரொஃபைல் போட்டு வச்சிருக்காங்களான்னும் வீட்ல கேட்டுடுங்க, அதுக்கு பாஸ்வேர்ட் அவங்ககிட்டதான் இருக்கும்.